ஒரு கியூப் மணல் எத்தனை தொன்? அலகுகளை வெட்டி அடர்த்திக் கணக்குச் செய்யும் முறை

திருகோணமலையில் வீடு கட்டுகிறவர்கள் மணலைக் கிலோக் கணக்கில் வாங்குவதில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து ஆற்றுமணல் ஏற்றி வரும் டிப்பரில் ‘மூன்று கியூப் இருக்கு’ என்றுதான் பேச்சு. ஒரு கியூப் என்றால் நூறு கன அடி. மேசனுடைய நாடாவில் இருப்பதோ அடியும் அங்குலமும். பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ள தராசு கிராமில் காட்டும், அளவுச்சாடி மில்லிலீற்றரில் காட்டும். அந்த டிப்பர் எத்தனை தொன் சுமக்கிறது என்று கேட்டால், இவை எல்லாவற்றையும் ஒரே வரியில் கோத்தால்தான் விடை வரும்.

உயர்தரத்தில் இப்போதுதான் கால் வைத்தவர்களுக்கும், பல வருடம் கழித்துக் கணக்கைத் திரும்பத் தொடுகிறவர்களுக்கும் இந்த ஒரு கேள்வியையே முழுதாகச் செய்து காட்டுகிறேன். சூத்திரம் எதையும் பாடமாக்கத் தேவையில்லை. ‘பெருக்குவதா, வகுப்பதா?’ என்று யோசிக்கவும் தேவையில்லை. அந்த முடிவை அலகுகளே எடுக்கும்.

ஒன்றுக்குச் சமமான பின்னம்

12 அங்குலமும் 1 அடியும் ஒரே நீளம். ஆகவே ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்துப் பின்னமாக எழுதினால் அதன் பெறுமானம் ஒன்று. ஒன்றால் பெருக்கினால் அளவு மாறாது, அலகு மட்டும் மாறும். இதைத்தான் மாற்றற் காரணி என்கிறோம். இதைத் தலைகீழாகவும் எழுதலாம்:

```
12 in / 1 ft     அல்லது     1 ft / 12 in
```

இரண்டில் எதை எடுப்பது? எந்த அலகைப் போக்க வேண்டுமோ அது எதிர்ப்பக்கத்தில் இருக்கிற பின்னத்தை எடுங்கள். அங்குலம் மேலே இருந்தால், அங்குலம் கீழே உள்ள பின்னம். மேலும் கீழும் ஒரே அலகு வந்ததும் இரண்டையும் வெட்டிவிடுங்கள். வெட்டாமல் மிஞ்சும் அலகுதான் விடையின் அலகு. அது கேட்ட அலகாக இல்லையென்றால், எண்ணைப் பார்க்காமலே கணக்குப் பிழை என்று சொல்லிவிடலாம். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடர்த்தியும் ஒரு மாற்றற் காரணியே. மணலின் அடர்த்தி 1.60 g/cm³ என்றால், அந்த மணலைப் பொறுத்தவரை 1 கன சென்ரிமீற்றருக்கு 1.60 கிராம். கனவளவிலிருந்து திணிவுக்கும், தலைகீழாக்கினால் திணிவிலிருந்து கனவளவுக்கும் அதைக் கொண்டே போகலாம். ஒரு வித்தியாசம் உண்டு. 12 அங்குலம் ஒரு அடி என்பது எங்கேயும் எப்போதும் சரி. அடர்த்தி நீங்கள் அளந்த மாதிரிக்கு மட்டுமே சரி, அதுவும் நீங்கள் அளந்த நுட்பம் வரைக்கும்தான்.

முதலில் அடர்த்தியை அளப்போம்

நன்றாகக் காயவைத்த ஆற்றுமணல் வேண்டும். 250 மில்லிலீற்றர் அளவுச்சாடி ஒன்றை வெறுமையாக நிறுங்கள். பிறகு 200 மில்லிலீற்றர் கோடு வரை மணலைக் கொட்டி, மேற்பரப்பை மட்டமாக்கி, மீண்டும் நிறுங்கள். நமக்குக் கிடைத்த அளவீடுகள் இவை என்று வைத்துக்கொள்வோம்:

```
வெறும் சாடி        142.6 g
சாடி + மணல்        461.9 g
மணல்               319.3 g
கனவளவு             200 mL
```

தராசு ஒரு தசம தானம் வரை காட்டுகிறது. கழித்தலிலும் கூட்டலிலும் பார்க்கவேண்டியது தசம தானத்தை. இரண்டு அளவீட்டிலும் ஒரு தசம தானம் இருப்பதால், வித்தியாசத்திலும் ஒன்று. ஆகவே 319.3 கிராமில் பொருளுடைய இலக்கங்கள், அதாவது உண்மையில் அளந்து பெற்ற இலக்கங்கள், நான்கு இருக்கின்றன.

அந்த 200 தான் சிக்கலானது. சும்மா 200 என்று எழுதினால் அதன் பின்னால் நிற்கும் பூச்சியங்கள் அளந்தவையா, இடத்தை நிரப்ப வந்தவையா என்று வாசிக்கிறவருக்குத் தெரியாது. நமது சாடியில் 2 மில்லிலீற்றருக்கு ஒரு கோடு. இரு கோடுகளுக்கு நடுவில் கண்ணால் மதிப்பிட்டால் 1 மில்லிலீற்றர் வரை நம்பலாம். மணலின் மேற்பரப்பு தண்ணீரைப் போல மட்டமாக நிற்காது, அதனால் அதற்கு மேல் நுட்பம் பேசுவது நியாயமில்லை. ஆக, மூன்று இலக்கங்களும் அளந்தவையே. அதைத் தெளிவாகச் சொல்ல 2.00 × 10² mL என்று எழுதுவது நல்லது.

```
அடர்த்தி = 319.3 g / (2.00 × 10² mL) = 1.5965 g/mL
```

பெருக்கலிலும் வகுத்தலிலும் விதி வேறு. அங்கே தசம தானத்தைப் பார்ப்பதில்லை. எந்த அளவீட்டில் பொருளுடைய இலக்கங்கள் மிகக் குறைவோ, விடையிலும் அத்தனைதான். நான்கும் மூன்றும் சேர்ந்தால் மூன்று. அடர்த்தியை மட்டும் கேட்டிருந்தால் விடை 1.60 g/mL. ‘சேர், 1.6 எண்டு எழுதினாப் போதாதா?’ என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். போதாது. 1.6 என்றால் இரண்டாம் தசம தானம் தெரியாது என்று பொருள். நமக்கு அது தெரியும். கல்குலேட்டர் அந்தப் பூச்சியத்தைக் காட்டாது, நாம்தான் எழுத வேண்டும்.

கிராமிலிருந்து தொன்னுக்கு ஒரே வரியில்

முதலில் விடையின் அலகை வலது ஓரத்தில் எழுதிவிடுங்கள்: ஒரு கியூப்புக்கு எத்தனை தொன், அதாவது t/cube. இடது ஓரத்தில் கையில் உள்ளதை எழுதுங்கள்: g/mL. 1 மில்லிலீற்றரும் 1 கன சென்ரிமீற்றரும் ஒன்றேதான், ஆகவே g/cm³ என்றே தொடங்கலாம். இப்போது மேலே இருக்கும் கிராமைத் தொன்னாக்க வேண்டும், கீழே இருக்கும் கன சென்ரிமீற்றரைக் கியூப்பாக்க வேண்டும்.

கீழ்ப்பக்கத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். 1 அடி 30.48 சென்ரிமீற்றர். ஆனால் நம்மிடம் இருப்பது சென்ரிமீற்றர் அல்ல, கன சென்ரிமீற்றர். அது வெட்டுப்பட வேண்டுமானால் காரணியை முழுதாக, எண்ணும் அலகும் சேர்த்து, மூன்றாம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அடைப்புக்குறி போட்டு வெளியே 3 எழுதுங்கள்:

```
1.5965 g     (30.48 cm)³     100 ft³      1 kg        1 t
--------  ×  -----------  ×  --------  ×  -------  ×  -------
 1 cm³        (1 ft)³         1 cube      1000 g      1000 kg
```

இனிப் பேனையால் வெட்டுங்கள். g கீழே இருக்கும் g உடன் போகிறது. cm³ மேலே இருக்கும் cm³ உடன். ft³ உடன் ft³. kg உடன் kg. மிஞ்சுவது மேலே t, கீழே cube. கேட்டது அதுதான், ஆகவே இப்போது எண்ணைத் தொடலாம். இப்படி எல்லாவற்றையும் வெட்டி முடித்தபின் பெருக்குவது நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

30.48 ஐ மூன்று முறை பெருக்கினால் 28,316.85 வருகிறது. மொத்த வரியும் 4.5208 t/cube என்று முடிகிறது.

எத்தனை இலக்கம் எழுதுவது? வரியில் உள்ள எண்களில் எவை அளந்தவை என்று பாருங்கள். 1000 கிராம் ஒரு கிலோகிராம் என்பது வரைவிலக்கணம். ஒரு கியூப் நூறு கன அடி என்பதும் அப்படியே. 30.48 உம் அளந்து வந்த எண் அல்ல: 1959 முதல் 1 அங்குலம் மிகச் சரியாக 2.54 சென்ரிமீற்றர் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, அதன் பன்னிரண்டு மடங்குதான் 30.48. இவற்றுக்கெல்லாம் பொருளுடைய இலக்கங்கள் முடிவற்றவை, எனவே எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அளந்தது அடர்த்தி ஒன்றுதான், அதற்கு மூன்று இலக்கம். விடை 4.52 தொன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அடர்த்தியை 1.60 என்று சுருக்கிவிட்டு அந்த 1.60 ஐ வரியில் போட்டிருந்தால் 4.5307 வந்து, விடை 4.53 என்று முடிந்திருக்கும். கடைசி இலக்கம் மாறிவிட்டது. பொருளுடைய இலக்கங்களுக்குச் சுருக்குவது கடைசியில், ஒரு தடவை மட்டும். இடையில் வரும் எண்ணை ஒன்றிரண்டு இலக்கம் கூடுதலாகவே கொண்டு போங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பது மறந்துபோகாமல் இருக்க, பொருளுடைய கடைசி இலக்கத்துக்கு அடியில் ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் அடுக்கை மறந்தால் என்ன ஆகும்? சும்மா 30.48 ஆல் பெருக்கினால் ஒரு கியூப் மணல் 4.87 கிலோ என்று வரும். ஒரு கைப்பையில் தூக்கிக்கொண்டு போகலாம்! எண்ணின் அபத்தம் ஒருபுறம் இருக்க, வெட்டிப் பார்த்திருந்தாலே கீழே cm² உம் மேலே ft² உம் மிஞ்சி நிற்பது தெரிந்திருக்கும்.

நாடாவில் இருந்து டிப்பருக்கு

‘மூன்று கியூப்’ என்பது பேச்சுக்கணக்கு. உண்மையில் எவ்வளவு என்று பார்க்க, பெட்டியின் உட்புறத்தை அளப்போம். நீளம் 11 அடி 9 அங்குலம், அகலம் 7 அடி 2 அங்குலம், மணல் நிற்கும் உயரம் 3 அடி 6 அங்குலம்.

அடியையும் அங்குலத்தையும் சேர்த்து 11.9 என்று கல்குலேட்டரில் தட்டுவது பலருக்கும் கைவந்த பழக்கம். 9 அங்குலம் என்பது 0.9 அடி அல்ல, 0.75 அடி. மூன்று அளவையும் அப்படியே 11.9, 7.2, 3.6 என்று தட்டினால் 308 கன அடி வரும். சரியான கணக்கில் 295 கன அடிதான். 13 கன அடிக்கும் மேற்பட்ட மணல் காகிதத்தில் மட்டும் பிறந்துவிட்டது.

பத்திரமான வழி, எல்லாவற்றையும் அங்குலமாக்குவது. 141, 86, 42 அங்குலம். இவற்றிலிருந்து நேரே சென்ரிமீற்றருக்குப் போகலாம், அடி வழியாகச் சுற்ற வேண்டாம்:

```
                   (2.54 cm)³     1.5965 g      1 kg        1 t
141 × 86 × 42 in³ × ---------  ×  --------  ×  -------  ×  -------
                    (1 in)³        1 cm³       1000 g      1000 kg

= 13.32 t
```

இப்போது இலக்கங்கள். 141 இல் மூன்று, அடர்த்தியில் மூன்று. 86 இலும் 42 இலும் இரண்டுதான், ஏனென்றால் அங்குலத்துக்குக் குறைவாக நாம் அளக்கவில்லை. ஆகவே விடை 13 தொன். கல்குலேட்டர் 13.324 என்று காட்டினாலும் அந்தத் தசமங்களுக்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. மணல் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகக் கிடக்கும்போது உயரத்தை ஒரு அங்குலம் கூட்டிச் சொன்னாலே விடை 0.3 தொன் மாறிவிடும். முதல் தசம தானம் ஆட்டம் காண்கிறது என்று பொருளுடைய இலக்க விதி சொன்னதும் இதையேதான்.

எந்த அடர்த்தி?

அலகுகள் அத்தனையும் ஒழுங்காக வெட்டுப்பட்டும் விடை பிழையாகலாம். அலகு சரியா என்று மட்டும்தான் இந்த முறை பார்க்கும், சரியான அடர்த்தியைப் போட்டீர்களா என்று பார்க்காது.

பாடநூலில் திண்மப் பொருளின் அடர்த்திக்குத் தரும் வழி தண்ணீர் இடப்பெயர்ச்சி. அதையும் செய்வோம். சிறிய அளவுச்சாடியில் தண்ணீர் 50.0 மில்லிலீற்றர். 40.2 கிராம் மணலைப் போட்டதும் 65.2 க்கு ஏறுகிறது. இடம்பெயர்ந்தது 15.2 மில்லிலீற்றர். அடர்த்தி 2.64 g/mL. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதன் அடர்த்தி 2.65. அளவீடு நன்றாகவே வந்திருக்கிறது.

அப்படியானால் முன்பு வந்த 1.60 பிழையா? இல்லை. தண்ணீரில் அளந்தது மணல்மணியின் அடர்த்தி. மணிகளுக்கு இடையில் இருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. சாடியில் கொட்டி அளந்தது காற்றிடைவெளியும் சேர்ந்த குவியலின் அடர்த்தி. டிப்பரில் கிடப்பது குவியல். சுருக்காத 2.6447 ஐ வரியில் போட்டால் ஒரு கியூப் 7.49 தொன் என்று வரும், அலகும் அழகாக வெட்டுப்படும், ஆனால் ஏறக்குறைய 3 தொன் கூடுதல். குவியலில் நூற்றுக்கு நாற்பது பங்கு வெற்றிடம் என்பதையும் இதே இரண்டு எண்களில் இருந்து பெறலாம்.

ஆகவே வினாவில் ‘அடர்த்தி’ என்று பார்த்ததும், எதன் அடர்த்தி என்று கேளுங்கள். ஈரமும் கணக்கைக் குழப்பும். இலேசாக நனைந்த மணலில் மணிகள் ஒன்றையொன்று விலக்கி நின்று குவியல் பெருக்கும், அதே கியூப்புக்குள் மணல் குறைவாகவே இருக்கும். காய்ந்த மணலில் எடுத்த 1.60 ஐ ஈர மணலுக்குப் பாவிக்க வேண்டாம்.

இடப்பெயர்ச்சி முறையில் இன்னொரு பொறி, கழித்தலில் இருக்கிறது. 40.2 கிராமுக்குப் பதிலாக 8.4 கிராம் மணலைப் போட்டு, தண்ணீர் 50.0 இலிருந்து 53.2 க்கு ஏறியது என்று வையுங்கள். இரண்டு வாசிப்பிலும் மூன்று இலக்கம் உண்டு. வித்தியாசம் 3.2, இரண்டே இலக்கம். அடர்த்தியை 2.6 க்கு மேல் சொல்ல முடியாது. சாடி மாறவில்லை, தராசு மாறவில்லை, மாதிரி சிறுத்ததால் மட்டும் ஒரு இலக்கம் போய்விட்டது. தாராளமாக மணலைப் போடுங்கள். போட்டபின் சாடியைத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். குமிழி தங்கினால் கனவளவு கூடி, அடர்த்தி குறைவாக வரும்.

கடற்கரை மணலில் செய்து 3 க்கு மேல் வந்தால் உடனே அளவீட்டைக் குறை சொல்லாதீர்கள். புல்மோட்டைக் கரையில் கறுப்பாகப் படிந்திருப்பது இல்மனைற்று. அதன் அடர்த்தி 4.7 அளவில் இருக்கும். கறுப்பு மணிகள் கலக்கக் கலக்கச் சராசரி ஏறும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒரு தடவை பார்த்தால் விசயம் தெரிந்துவிடும், காந்தம் இருந்தால் அதையும் காட்டிப் பாருங்கள், இழுபடும் மணிகள் சில இருக்கும்.

தலைகீழாக: இத்தனை கிலோவுக்கு எத்தனை கன அடி?

மேசன் 750 கிலோ காய்ந்த மணல் வேண்டும் என்கிறார், கடைக்காரர் கன அடியில் கொடுக்கிறார். 750 ஐ மூன்று இலக்கமாக, 7.50 × 10² kg என்று எடுப்போம். இம்முறை கிராம் மேலே இருக்கிறது, ஆகவே கிராம் கீழே வரும்படி அடர்த்தியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சென்ரிமீற்றர் காரணியும் கவிழ்கிறது:

```
              1000 g      1 cm³        (1 ft)³
7.50×10² kg × ------  ×  --------  ×  -----------
               1 kg      1.5965 g     (30.48 cm)³

= 16.59 ft³
```

வெட்டினால் ft³ மட்டும் மிஞ்சும். மூன்று இலக்கத்தில் விடை 16.6 கன அடி. சரிபார்க்க, முதலில் கண்ட விடையைப் பிடித்து எதிர்த்திசையில் போங்கள்: 16.6 கன அடி என்பது 0.166 கியூப், ஒரு கியூப்புக்கு 4.52 தொன், பெருக்கினால் 0.750 தொன். கேட்ட 750 கிலோ.